சட்டை மட்டும் மாற வேண்டும், ஆள் மாறக் கூடாது: டீநாய்சிங் ஸ்ட்ரெங்த் பற்றி என் அனுபவம்

ஈரோட்டுப் பக்கம் குர்த்தி தைத்து விற்கும் ஒரு அக்காவுக்கு நான் படவேலை செய்து கொடுக்கிறேன். புது டிசைனுக்குத் துணி வெட்டுவதற்கு முன்பே, அது ஒரு ஆள் மேல் எப்படி இருக்கும் என்று அவருக்குப் பார்க்க வேண்டும். காலர் எப்படி, கை எவ்வளவு நீளம், மெரூனா பச்சையா என்று முடிவு செய்ய ஒவ்வொன்றுக்கும் சாம்பிள் தைத்தால் கட்டுப்படியாகாது. அதனால் ஒரு மாடலைச் சாதாரண உடையில் ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் படத்தின் மேல் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் ஏஐயை வைத்து உடையை மட்டும் மாற்றிப் பார்க்கிறோம். விற்பனைக்குப் போடும் படம் இதுவல்ல. அதற்குத் தைத்த துணியைப் போட்டுத்தான் எடுப்போம். இது தையலுக்கு முந்தைய கட்டம்.

முதலில் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னது இதுதான்: "தம்பி, குர்த்தி நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பொண்ணு ஏன் இப்படி இளைச்சுட்டா? என் கஸ்டமரெல்லாம் எக்ஸெல், டபுள் எக்ஸெல் கேக்கறவங்க. இது யாரோ சினிமாக்காரி மாதிரியில்ல இருக்கு."

அவர் சொன்னது சரி. முகம் அதே முகம், ஆனால் இடுப்பு வேறு யாருடையதோ. பயிற்சிப் படங்களில் ஒல்லியான மாடல்கள் நிறைந்திருப்பதால், கொஞ்சம் இடம் கிடைத்தாலும் அந்த ஏஐயின் மாடல் ஃபைல் உடம்பை அந்தப் பக்கம் இழுக்கும். எவ்வளவு இடம் கொடுக்கிறோம் என்பதை முடிவு செய்வதுதான் `Denoising strength` என்ற அந்த ஒரு ஸ்லைடர்.

அந்த ஸ்லைடரைப் பற்றிப் பலரும் சொல்வது, "குறைத்தால் கொஞ்சம் மாறும், கூட்டினால் நிறைய மாறும்" என்பது. தப்பில்லை, ஆனால் இந்த வேலைக்கு அது போதாது. உள்ளே என்ன நடக்கிறது என்றால், நம் படத்தின் மேல் குறிப்பிட்ட அளவு நாய்ஸை, அதாவது தாறுமாறான புள்ளிகளைக் கொட்டிவிட்டு, அந்த இடத்திலிருந்து மாடல் ஃபைல் படத்தைத் திரும்பச் சுத்தம் செய்துகொண்டு வருகிறது. ஸ்ட்ரெங்த் 1 என்றால் முழு நாய்ஸிலிருந்து ஆரம்பம். 0.5 என்றால் பாதி வழியிலிருந்து. ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5-இன் நாய்ஸ் அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டால், 0.5-இல் அசல் படத்தின் பங்கு ஏறக்குறைய 0.53 மிஞ்சுகிறது. 0.75-க்குப் போனால் 0.24. 0.9-இல் 0.12தான். அதாவது 0.5-க்கும் 0.75-க்கும் நடுவிலேயே, மிஞ்சியிருந்ததில் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. ஸ்லைடரில் அந்த இடைவெளி சின்னதாகத்தான் தெரியும்.

இதைவிட முக்கியமானது, எது எப்போது முடிவாகிறது என்பது. நாய்ஸ் அதிகமாக இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் பெரிய விஷயங்கள் முடிவாகின்றன: ஆள் எங்கே நிற்கிறார், கை எப்படி மடங்கியிருக்கிறது, தோள் எவ்வளவு அகலம். நாய்ஸ் குறைந்த பிறகு துணியின் நெசவு, தையல், பொத்தான், மடிப்பின் கூர்மை. அப்படியானால் ஸ்ட்ரெங்த்தைக் குறைவாக வைத்தால் உடம்பு தப்பிக்கும், துணி மட்டும் மாறும் என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். நிறமும் ஒரு பெரிய விஷயம். வெள்ளை டி-சர்ட் மெரூன் ஆவது நுணுக்கமான மாற்றமே இல்லை, படத்தில் ஒரு பெரிய பரப்பு முழுக்க மாறுகிறது. உடையின் நீளமும் அப்படித்தான். ஆக நிறம், நீளம், உடம்பின் வெளிக்கோடு மூன்றும் ஒரே கட்டத்தில் முடிவாகின்றன. நிறத்தை மாற்றும் அளவுக்கு ஸ்லைடரை ஏற்றினால் இடுப்பும் மாறும் அளவுக்கு ஏற்றியாகிவிட்டது.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டே சொல்கிறேன். மாடல் நேராக நிற்கிறார், இடது கை இடுப்பில், வலது கை தொங்குகிறது. உடம்பை ஒட்டிய அரைக்கை வெளிர் சாம்பல் டி-சர்ட், ஜீன்ஸ். கேட்டது: மெரூன் காட்டன் குர்த்தி, சைனீஸ் காலர், முக்கால் கை, முழங்கால் வரை நீளம், நேர் வெட்டு. படத்தை 640×960-க்குக் குறைத்து, மாற வேண்டிய இடத்தைக் குறிக்கும் மாஸ்க்கை உடை முழுவதற்கும் போட்டு, எந்த நாய்ஸ் விழும் என்பதை முடிவு செய்யும் `seed` எண்ணை மாற்றாமல் பூட்டிவிட்டு, ஸ்டேபிள் டிஃப்யூஷனை ஓட்டும் ஆட்டோமேட்டிக்1111 என்ற கருவியில் `X/Y/Z plot` ஸ்கிரிப்டில் `Denoising` அச்சுக்கு 0.4, 0.5, 0.6, 0.7, 0.85 கொடுத்தேன். `seed` பூட்டாமல் இந்தச் சோதனையைச் செய்வதில் பயனில்லை. வித்தியாசம் ஸ்ட்ரெங்த்தால் வந்ததா, வேறு நாய்ஸால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

0.4-இல் டி-சர்ட் டி-சர்ட்டாகவே இருந்தது, லேசாக ரோஸ் கலந்த சாம்பல். 0.5-இல் அழுக்கு ரோஸ். கழுத்தில் காலர் மாதிரி ஏதோ முளைத்திருந்தது. 0.6-இல் காலர் சரி, ஆனால் நிறம் வெளிறிய செங்கல் நிறம், நீளம் இடுப்போடு நின்றுவிட்டது, ஜீன்ஸ் ஜீன்ஸாகவே தெரிந்தது. 0.7-இல்தான் மெரூன் என்று சொல்லக்கூடிய நிறம் வந்தது. கூடவே இடுப்பும் ஒடுங்கியது. 0.85-இல் அருமையான குர்த்தி, முழங்கால் வரை, நேர் வெட்டு, எல்லாம் கேட்டபடி. ஆனால் உடம்பு முழுக்க வேறு ஆள். தோள் இறங்கி, இடுப்பு சிறுத்து, மாஸ்க்குக்கு வெளியே அப்படியே விட்டிருந்த கையோடு முழங்கைப் பக்கம் ஒட்டவே இல்லை.

இந்த வரிசையில் "சரியான எண்" எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 0.65, 0.67 என்று நடுவில் தேடிக்கொண்டே இருக்கலாம், கிடைக்காது. உடம்பு மாறத் தொடங்கும் இடத்துக்குப் பிறகுதான் நிறம் வந்து சேர்கிறது. அதனால் நிறத்தையும் நீளத்தையும் ஸ்லைடரின் தலையில் கட்டாமல் நாமே கையால் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். பிறகு ஸ்ட்ரெங்த்துக்கு மிச்சமிருப்பது துணியைத் துணி மாதிரிக் காட்டும் வேலை மட்டும். அதற்கு 0.5 பக்கமே போதும்.

கையால் போடுவது என்றால் ஓவியம் தெரிய வேண்டியதில்லை. கிம்ப்பிலோ போட்டோஷாப்பிலோ டி-சர்ட் இருக்கும் இடத்தின் மேல் புது லேயர் போட்டு மெரூன் நிறத்தை நிரப்பி, லேயர் மோடை `Multiply` ஆக்கினால், அடியில் இருக்கும் மடிப்பும் நிழலும் நிறத்தோடு அப்படியே தெரியும். உடம்பின் வளைவை மாடல் ஃபைலுக்குச் சொல்வதே அந்த நிழல்கள்தான், அதனால் அவற்றை மறைக்கக் கூடாது. அடிப்படைப் படத்துக்கு வெளிர் சாம்பல் உடை வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணமும் இதுதான். கறுப்பு உடை மேல் `Multiply` போட்டால் ஒன்றுமே ஆகாது. தூய வெள்ளை ஸ்டூடியோ வெளிச்சத்தில் வெந்து மடிப்பே இல்லாமல் போய்விடும்.

இடுப்புக்குக் கீழே ஜீன்ஸ் இருக்கும் இடத்தில் `Multiply` உதவாது, அங்கே சாதாரண பிரஷ்ஷில் மெரூனைப் பூச வேண்டும். முழங்கால் வரை ஒரு நீள்செவ்வகம், பக்கவாட்டில் ஸ்லிட்டுக்கு இடம், தொடைக்கு நடுவே கொஞ்சம் கருமையாக இரண்டு மூன்று கோடுகள். கையில் முக்கால் அளவுக்கு ஒரு பூச்சு. பார்ப்பதற்கு எல்.கே.ஜி. குழந்தை வரைந்த மாதிரி இருக்கும், பரவாயில்லை. ஒன்றே ஒன்று செய்ய வேண்டும்: பூசிய இடத்தின் மேல் கொஞ்சம் கிரெயின் நாய்ஸ் சேர்ப்பது. தட்டையாகப் பூசிய நிறம் நடுத்தர ஸ்ட்ரெங்த்தில் தட்டையாகவே மிஞ்சி, ரெயின்கோட் மாதிரிப் பளபளக்கும். கிரெயின் இருந்தால் மாடல் ஃபைல் அதைப் பிடித்துக்கொண்டு நெசவாக மாற்றிவிடுகிறது.

இந்தப் பூசிய படத்தை, மாஸ்க்குக்குள் மட்டும் மாற்றி வரையும் இன்பெயின்ட்டில் கொடுத்து மறுபடி அதே மாதிரி ஒரு வரிசையை ஓட்டினால் கதையே வேறு. 0.4-இல் பூச்சு பூச்சாகத் தெரிகிறது. 0.5-இல் மேல்பாதி நம்பும்படி இருக்கிறது, கீழ்ப்பாதி இன்னும் அட்டை மாதிரி. 0.55-இல் முழு உடையும் காட்டன் குர்த்தியாகிவிடுகிறது, தோளும் இடுப்பும் அசலோடு ஒத்துப்போகின்றன. 0.65-இல் துணி இன்னும் அழகு, ஆனால் இடுப்பு மறுபடி உள்ளே போகத் தொடங்குகிறது. இந்தப் படத்துக்கு 0.55 என்று நிறுத்திக்கொண்டேன். நான் வைத்திருந்த அமைப்பு இது:

```
Prompt: maroon cotton kurti, long straight tunic, mandarin collar,
        three-quarter sleeves, knee length, studio light
Steps: 36    CFG scale: 6    Denoising strength: 0.55
Masked content: original    Inpaint area: Whole picture
Mask blur: 6    Size: 640x960
```

இதில் இரண்டு மூன்று விஷயங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும். ப்ராம்ப்ட்டில் ஆளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. `beautiful woman`, `model` என்று எழுதினால், உடம்பை எந்தப் பக்கம் இழுக்கக் கூடாது என்று பாடுபடுகிறோமோ அந்தப் பக்கமே கூப்பிடுகிறோம். துணியைப் பற்றி மட்டும் எழுதினால் போதும். `kurti` என்ற சொல்லை மட்டும் நம்பாமல் `long straight tunic` என்று சேர்த்ததும் அனுபவத்தில் வந்ததுதான், நீளம் நிலையாக நிற்கிறது.

`Masked content` கட்டாயம் `original` ஆக இருக்க வேண்டும். அங்கே `latent noise` இருந்தால் மாஸ்க்குக்குள் இருந்த படம் முழுக்கத் தூக்கி எறியப்பட்டு வெறும் நாய்ஸ் வைக்கப்படும். அப்போது 0.55 கொடுத்தால் சுத்தம் செய்து முடிக்கவே முடியாமல் கலங்கலாக வரும். ஸ்ட்ரெங்த்தை ஏற்றத்தான் தோன்றும், ஏற்றினால் உடம்பு போச்சு. கம்ஃபியூஐ என்ற இன்னொரு கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே பொறி உண்டு. `VAE Encode (for Inpainting)` என்ற நோடு மாஸ்க் போட்ட இடத்தைச் சாம்பலாக அழித்துவிட்டுத்தான் அனுப்புகிறது. குறைந்த `denoise`-இல் அதைப் போட்டால் ஒரு சாம்பல் திட்டு வரும். சாதாரண `VAE Encode` போட்டு, அதற்குப் பின்னால் `Set Latent Noise Mask` கோத்தால் பூசிய நிறமும் அடியில் இருக்கும் நிழலும் பிழைக்கும்.

நாய்ஸை எத்தனை ஸ்டெப்பில் சுத்தம் செய்கிறது என்ற எண்ணிக்கையும் ஸ்ட்ரெங்த்தோடு சேர்ந்தது. ஆட்டோமேட்டிக்1111-இல் இயல்பாக 36 ஸ்டெப், 0.55 என்றால் உண்மையில் ஓடுவது 20 ஸ்டெப்தான். 20 ஸ்டெப்பும் 0.3-உம் கொடுத்தால் ஓடுவது 7, படம் தேய்ந்து வரும், அதைப் பார்த்து "ஸ்ட்ரெங்த் பத்தவில்லை" என்று நினைத்துவிடுவோம். ஸ்ட்ரெங்த் குறையும்போது ஸ்டெப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். கம்ஃபியூஐயின் `KSampler` அப்படிக் குறைப்பதில்லை, 36 என்றால் 36-உம் ஓடும். அதனால் ஒருவர் சொன்ன அமைப்பை இன்னொரு கருவியில் அப்படியே போட்டால் முடிவு ஒன்றாக இருக்காது.

இனி மாஸ்க். உடையை விட்டுப் பெரிதாகப் போட்டால் மாடல் ஃபைலுக்கு உடம்பை நகர்த்த இடம் கிடைக்கும். உடையோடு ஒட்டப் போட்டால் புது உடைக்கு விரிய இடமில்லை. நான் செய்வது, புது உடை உண்மையில் எங்கெல்லாம் விரியுமோ அங்கே மட்டும் தாராளமாக, மற்ற இடத்தில் இறுக்கமாக. இந்தக் குர்த்தியில் இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டேன். தோள்பட்டையில் கோட்டின் மேலேயே நிறுத்தினேன். நேர் வெட்டுக் குர்த்திக்குத் தோள் கூட வேண்டிய காரணமே இல்லை. முகம், கழுத்தின் மேல்பகுதி, முடி, இரண்டு உள்ளங்கைகள் எல்லாம் வெளியே. இடுப்பில் வைத்த கைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு முக்கோண இடைவெளி தெரிகிறது அல்லவா, அதில் உடம்போரமாக ஒரு விரல் அகலம் மட்டும் மாஸ்க்கில் சேர்த்தேன், மிச்சத்தை விட்டுவிட்டேன். அந்த முக்கோணம் முழுக்க மாஸ்க்குக்குள் போனால் பின்னணி, கை, இடுப்பு மூன்றையும் மாடல் ஃபைல் தன் இஷ்டத்துக்குப் பங்கு போட்டுக்கொள்ளும்.

பிடிமானம் இன்னும் வேண்டுமென்றால், அசல் படத்தின் வடிவத்தைப் பிடித்து வைக்கும் துணை மாடலான கண்ட்ரோல்நெட் இருக்கிறது. அதன் வகைகளில் பலரும் முதலில் ஓப்பன்போஸைத் தேடுவார்கள். அது கொடுப்பது மூட்டுகளின் புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் குச்சிகளையும் மட்டும். நிற்கும் நிலையை அது காப்பாற்றும், உடம்பின் அகலத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எக்ஸ்எஸ் ஆளுக்கும் டபுள் எக்ஸெல் ஆளுக்கும் குச்சி உருவம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அக்கா புகார் சொன்ன படங்களில் நிற்கும் நிலை கச்சிதமாக இருந்தது, உடம்புதான் மாறியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

உடம்பின் பருமனைச் சொல்வது, எது முன்னால் எது பின்னால் என்று படிக்கும் டெப்த் வகை. அதன் சங்கடம், பழைய உடையின் ஓரத்தையும் அது உடம்பாகவே படிக்கிறது என்பது. டி-சர்ட்டின் கீழோரம் டெப்த் படத்தில் ஒரு படி மாதிரி விழும், முழு எடையில் விட்டால் குர்த்தியின் நடுவே அங்கே ஒரு வரி தெரியும். அதனால் எடையை 0.5 பக்கம் வைத்து, `Ending Control Step`-ஐ 0.6-இல் நிறுத்துகிறேன். ஆரம்பத்தில் வெளிக்கோட்டைப் பிடித்துக்கொடுத்துவிட்டு, மடிப்புகள் உருவாகும் நேரத்தில் அது ஒதுங்கிக்கொள்கிறது. டெப்த் இப்படிப் பின்னால் நிற்கும்போது இதே படத்தில் 0.65 வரை ஏற்றினாலும் இடுப்பு அசையவில்லை. பூச்சு சரியாக அமையாத படங்களில் இந்தக் கூடுதல் இடம் கைகொடுக்கும். பூச்சு நன்றாக இருந்தால் கண்ட்ரோல்நெட் இல்லாமலேயே முடித்துவிடுவேன், ஒரு திருகு குறைவு.

சரி, உடம்பு மாறவில்லை என்று எப்படி உறுதி செய்வது? கண்ணை நம்பக் கூடாது. கொஞ்ச நேரம் இந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒல்லியானதுதான் அசல் என்று கண் பழகிவிடும். அசலை அடி லேயரிலும் முடிவை மேல் லேயரிலும் வைத்து மேல் லேயரை அணைத்து அணைத்துப் போட்டுப் பாருங்கள். நகர்ந்த இடம் துள்ளும். லேயர் மோடை `Difference` ஆக்கினால் தோள், கழுத்து, மணிக்கட்டு ஓரங்களில் வெள்ளைக் கோடு எங்கே விழுகிறது என்று தெரியும்.

அதற்கு மேல் ஒரு அளவு எடுப்பேன். அடிப்படைப் படத்தில் இடுப்பு மிகக் குறுகலாக இருக்கும் வரிசையில் அகலம் எத்தனை பிக்சல் என்று குறித்துக்கொள்வது. இந்தப் படத்தில் அது 150-ஐ ஒட்டி இருந்தது. மாடல் போட்டிருந்தது உடம்பை ஒட்டிய டி-சர்ட், புது உடை அதைவிடத் தளர்வான குர்த்தி. அப்படியானால் முடிவுப் படத்தில் அந்த வரிசையில் 150-க்குக் குறைய வழியே இல்லை. பூசாத படத்தில் 0.7 கொடுத்தபோது வந்தது 130 சுற்றி. அழகாக இருக்கிறதா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை, மாடல் ஃபைல் ஆளை இளைக்க வைத்திருக்கிறது. 0.55-இல் பூசிய படத்தில் 160-க்குக் கொஞ்சம் மேல், தளர்ந்த துணிக்கு அது பொருத்தம். இதே கணக்கு மேல்கைக்கும் பொருந்தும், கை நீண்ட பிறகு மேல்கை மெலிவது அடிக்கடி நடக்கும்.

தளர்ந்த உடையில் இன்னொரு குழப்பம், 160 வந்தாலும் அது துணியா உடம்பா என்று தெரியாது. அங்கே நான் பார்ப்பது மாஸ்க்குக்கு வெளியே மிஞ்சியவற்றோடு உள்ளே இருப்பது ஒத்துப்போகிறதா என்பதை. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் சரிவு காலருக்குக் கீழே அதே கோணத்தில் தொடர்கிறதா, முக்கால் கையின் முனை முன்கையைவிடக் குறுகாமல் இருக்கிறதா, இடுப்பில் வைத்த உள்ளங்கைக்கு அடியில் துணி உண்மையாகவே இருக்கிறதா, இல்லை கை காற்றில் நிற்கிறதா. கடைசியாகச் சொன்னது தெரிந்தால் ஸ்ட்ரெங்த்தை 0.05 இறக்குவேன், வேறொன்றும் தேட மாட்டேன்.

வெளிக்கோடு சரியான பிறகு துணிக்கு இரண்டாவது சுற்று உண்டு. `Inpaint area`-வை `Only masked` ஆக்கி, காலர், மார்புப் பகுதி, கை முனை என்று சின்னச் சின்ன மாஸ்க்காகப் போட்டு 0.3 முதல் 0.4-க்குள். அந்தப் பகுதி மட்டும் பெரிதாக்கப்பட்டு வரையப்படுவதால் நெசவும் பைப்பிங்கும் தெளிவாகும். முழு உடைக்கும் `Only masked` போட்டு ஸ்ட்ரெங்த்தை ஏற்றுவதை நான் தவிர்க்கிறேன். சுற்றிலும் இருக்கும் படம் மாடல் ஃபைலுக்குத் தெரியாததால், உடைப் பகுதியை மட்டும் பார்த்து அதற்கேற்ற கற்பனை உடம்பை அங்கே வரைந்துவிடும். `Only masked padding` எண்ணைக் கூட்டினால் கொஞ்சம் குறையும், முழுக்கத் தீராது.

கம்ஃபியூஐயில் ஒரு கடைசி வேலை மிச்சம் இருக்கும். மாஸ்க்குக்கு வெளியே இருப்பதும், படத்தைச் சுருக்கி விரிக்கும் விஏஈ வழியாக ஒருமுறை போய்வந்திருக்கும், முகத்தில் கண் இமை, பல் எல்லாம் லேசாக மழுங்கியிருக்கும். `ImageCompositeMasked` நோடால் அசலை மேலே ஒட்டிவிட வேண்டும். ஆட்டோமேட்டிக்1111 இதைத் தானாகவே செய்கிறது.

மேலே சொன்ன எண்கள் எல்லாம் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 குடும்பத்துக்கு. ஃப்ளக்ஸ் என்ற வேறு மாடலில் இதே 0.55 கொடுத்தால் பூச்சு பூச்சாகவே திரும்பி வரும், அங்கே இன்னும் மேலே ஏற வேண்டும். எஸ்டிஎக்ஸ்எல்லின் இன்பெயின்ட் மாடலில் முழு 1 கொடுத்தால் தரம் குறையும் என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். புதிய மாடலுக்கு மாறும்போது ஒருவர் எழுதிய எண்ணை எடுக்காமல், ஒரு பூசிய படத்தில் அந்த வரிசையை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, இடுப்பு எங்கே அசையத் தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டால் போதும். அதற்கு 0.1 கீழே உங்கள் இடம்.

எந்த எண்ணாலும் தீராத சில வேலைகள் உண்டு. முழுக்கையை அரைக்கையாக்கு, தளர்ந்த உடையை இறுக்கமாக்கு என்பவை அப்படி. துணிக்கு அடியில் இருந்த கையின் பருமன் படத்திலேயே இல்லை. எவ்வளவு கவனமாக ஸ்ட்ரெங்த் வைத்தாலும் வருவது மாடல் ஃபைலின் கற்பனைக் கை. உடம்பு வடிவத்தைக் காப்பாற்றுவது என்ற பேச்சே அங்கே பொருந்தாது. அதனால் எங்கள் வேலை எப்போதும் குறைந்த துணியிலிருந்து கூடுதல் துணிக்குத்தான் போகும். அரைக்கை டி-சர்ட்டிலிருந்து முக்கால் கைக்கு, ஒட்டிய உடையிலிருந்து தளர்ந்ததுக்கு. மாடலோடு போட்ட எழுத்து ஒப்பந்தத்திலும் எந்த மாதிரி உடை மாற்றம் செய்யலாம் என்று இதையே எழுதி வைத்திருக்கிறோம். ஒரு கடைக்காரர், இணையத்தில் எடுத்த யாரோ ஒரு பெண்ணின் படத்தைக் கொடுத்து உடை மாற்றித் தரச் சொன்னார். அவரவர் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

புடவையும் இந்த முறைக்கு அடங்குவதில்லை. முந்தானை தோளிலிருந்து குறுக்கே வர வேண்டும், இடுப்பில் கொசுவம் வேண்டும், இதையெல்லாம் பூசிக் காட்டுவதற்குள் புடவை கட்டி ஒரு படம் எடுத்துவிடலாம். பூசாமல் விட்டால் 0.8-க்குக் குறைந்து எதுவும் நடக்காது, அங்கே உடம்பு எப்படியும் போய்விடும். அக்கா பார்டர் நிறத்தை மட்டும் மாற்றிப் பார்க்கக் கேட்டால், மாடலுக்கு உண்மையாகவே ஒரு வெளிர் காட்டன் புடவையைக் கட்டி எடுத்து, பார்டருக்கு மட்டும் மெல்லிய மாஸ்க், `Multiply`-இல் நிறம், 0.35. உடம்பு மாஸ்க்குக்குள்ளேயே வராததால் கவலைப்பட ஒன்றுமில்லை.